கைத்தறிப் படங்களுக்கு இனி ஒரே பாணி

எல்லாருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி மூன்று பேர் அனுப்பிய மாதிரிப் படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் மூன்றுமே நன்றாக இருக்கின்றன. சேர்த்து வைத்தால் மூன்று வேறு கடைகளின் விளம்பரம். கார்த்தி செய்தது சிவகாசி காலண்டர் மாதிரி பளபளவென்று இருக்கிறது, இம்ரான் செய்தது வெளுத்துப்போன ஃபிலிம் மாதிரி, செல்வி அக்கா செய்தது அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டித் தருவார்களே, அந்த மாதிரி. ஆகஸ்ட் 7 கைத்தறி தினம். அதற்குள் 24 படம் வெளியே போக வேண்டும், நான்கு பேர் நான்கு கணினியில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறோம். யார் செய்த படம் எது என்று பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது.

செல்வி அக்காவின் வழியைத்தான் எடுத்துக்கொள்கிறோம். சனிக்கிழமை பேசியபோது எல்லாரும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் சாய்ந்தீர்கள், ஆனால் ஏன் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை, அதனால் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். காலண்டர் ஓவியத்தில் எல்லாமே ஒளிவிடும். கொண்டைய ராஜு வழியில் வந்த சாமி படங்களைப் பாருங்கள், முகம், நகை, மாலை, பின்னால் இருக்கும் மேகம் வரைக்கும் ஒரே பிரகாசம். சாமி படத்துக்கு அது சரி. நமக்கு அப்படியில்லை, படத்தில் ஒரே ஒரு பொருள்தான் முன்னால் வரவேண்டும், அது சேலை. மற்றதெல்லாம் அடங்கி நின்று சேலை மட்டும் உயிரோடு இருக்கவேண்டுமென்றால் கருப்பு வெள்ளை அடித்தளமும் மேலே மெல்லிய வண்ணமும்தான் பொருந்தும். கார்த்தி, உங்கள் மாதிரியில் இருந்த பூவேலைச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது வீணாகாது, கடைக்குள் மாட்டும் பெரிய தட்டியில் அதைப் பயன்படுத்தலாம். இம்ரானுடைய ஃபிலிம் துகளையும் எடுத்துக்கொள்கிறோம், அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். சேலையின் நிறத்தை யாரும் தீட்டக் கூடாது. படம் முழுக்கக் கையால் தீட்டியது போல இருக்கும், ஆனால் சேலை மட்டும் கேமராவில் பதிவான உண்மையான நிறத்தில் இருக்கும். போன வருடம் வேறொரு வேலையில் கடுகு மஞ்சள் சேலையை எலுமிச்சை மஞ்சளாகக் காட்டிவிட்டு, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பியபோது நாம் பட்ட அவமானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதைவிட, நெய்தவருக்குத்தான் கெட்ட பெயர் வந்தது. இப்போது நாம் எடுக்கப்போகும் சேலைகளில் கண்டாங்கி 2019இலும் மதுரை சுங்குடி 2005இலும் புவிசார் குறியீடு வாங்கியவை. அந்தக் கடுகு மஞ்சளும் செங்கல் சிவப்பும் கருப்பும்தான் கண்டாங்கியின் முகம். அதை நம் ரசனைக்கு மாற்ற நமக்கு உரிமையில்லை.

நுட்பமாகவும் ஒரு காரணம் இருக்கிறது. செல்வி அக்காவே முதல் மாதிரியில் மஞ்சளைத் தீட்டிப் பார்த்து, மடிப்புகளில் பச்சை அடிக்கிறது என்று சொன்னார். `Color` மோடில் தீட்டும்போது நிறம் நம்முடையது, வெளிச்சம் கீழே இருக்கும் கருப்பு வெள்ளைப் படத்தினுடையது. மஞ்சள் இருட்டான இடத்தில் விழுந்தால் கண்ணுக்கு அது பாசி நிறமாகத்தான் தெரியும். என்ன மஞ்சளைத் தேர்ந்தெடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. அதனால் எல்லாப் படமும் கலரில் ரா ஃபைலாக எடுக்கப்படும், ஒவ்வொரு சேலை மாறும்போதும் முதல் படத்தில் கலர் அட்டை பிடிக்கப்படும், நிறத்தைச் சரிசெய்த பிறகு சேலையை மட்டும் மாஸ்க் போட்டுக் கலரில் விட்டுவிட்டு மற்றதைக் கருப்பு வெள்ளை ஆக்குவோம். மாஸ்கின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருந்தால் சேலை ஒட்டவைத்த மாதிரித் தெரியும், இரண்டு மூன்று பிக்சல் மென்மை கொடுங்கள். சேலை நிறத்தைப் பக்கத்தில் இருக்கும் கைக்கோ தரைக்கோ லேசாகப் பிரதிபலிக்க வைக்கலாம், அந்த அளவு போதும்.

அடுத்தது தோல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய ஸ்டுடியோ படங்களில் முகத்தை வெளுப்பாக்கிக் கன்னத்தில் ரோஜா நிறம் வைப்பது சாதாரணமாக நடந்தது. அந்தப் பாணியை எடுக்கிறோம் என்பதற்காக அந்தப் பழக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டாம். நம் படங்களில் நிற்கும் ஆறு பெண்களில் நான்கு பேர் நெசவாளர் வீட்டுப் பெண்கள், நல்ல கருப்பும் மாநிறமும். அவர்கள் நிறம் அப்படியே இருக்க வேண்டும். தெரியாமலும் இந்தத் தப்பு நடக்கும்: போட்டோஷாப்பின் `Black & White` லேயரில் `Reds`, `Yellows` இரண்டையும் ஏற்றினால் நம் ஊர்த் தோல் எல்லாம் உடனே வெளுத்துவிடும், பார்க்கப் "பளிச்" என்று இருப்பதால் கை தானாக அங்கே போகும். அந்த இரண்டும் முதலில் இருக்கும் 40, 60 என்ற எண்களிலேயே இருக்கட்டும். தோலுக்கு வண்ணம் தீட்டுவது என்றால் அவரவர் கலர் படத்திலிருந்து எடுத்த நிறம்தான், 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சுருக்கம், மச்சம், தழும்பு எதையும் அழிக்காதீர்கள். பருவைக்கூட அவர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

சேலையும் தோலும் தவிர மீதிக்கு மூன்றே மூன்று நிறம். பின்திரைக்குச் சாம்பல் கலந்த நீலப்பச்சை, தரைக்கும் மரச்சாமானுக்கும் காவி, பூவுக்கு வெளிர் இளஞ்சிவப்பு. எண்கள் இதோ, இதிலிருந்து மாறாதீர்கள்:

```
backdrop  #7F9A98
floor     #A9744F
flower    #D9A3A0
```

இந்த மூன்றும் `Color` மோடில், 35 சதவீதம் வரைதான். கையால் தீட்டியது போல ஓரம் கொஞ்சம் வெளியே வழிந்தால் அழகு, உள்ளே கொஞ்சம் விட்டுப்போனாலும் அழகு. பிரஷ் தடம் தெரியட்டும். ஆனால் வழிவதைச் செயற்கையாக எல்லா இடத்திலும் செய்யாதீர்கள், ஒரு படத்தில் இரண்டு மூன்று இடம் போதும். கருப்பு வெள்ளைக்கு லேசான பழுப்புச் சாயல் வேண்டும். சுத்தச் சாம்பல் மேல் இந்த வண்ணங்கள் உட்காராமல் மிதக்கின்றன. கீறல், கரையான் அரித்த ஓரம், மடிந்த மூலை மாதிரியான பழமை வேஷம் எதுவும் வேண்டாம். இந்தச் சேலைகள் இன்றைக்கு நெய்தவை, பழைய படம் என்று யாரையும் நம்ப வைப்பது நம் நோக்கமில்லை. இம்ரானின் ஃபிலிம் துகள் மட்டும் மேலே ஒரே அளவில் வரும், சேலையின் மேல் பாதி அளவில். அந்த லேயரை இம்ரானே செய்து பொது ஃபோல்டரில் போடுவார், எல்லாரும் அதையே பயன்படுத்துங்கள்.

பின்திரை உண்மையான துணியில் தீட்டியதுதான். மதுரையில் முன்பு சினிமா பேனர் வரைந்துகொண்டிருந்த ஓவியர் ஒருவரிடம் பேசிவிட்டேன், எட்டுக்குப் பத்தடியில் இரண்டு திரை: ஒன்றில் தூண்களும் படிக்கட்டும், இன்னொன்றில் வெறும் மேகம். கணினியில் பின்னணி சேர்ப்பதை நான் விரும்பவில்லை, திரையின் சுருக்கமும் கீழே தரையைத் தொடும் கோடும் படத்தில் இருந்தால்தான் அது ஸ்டுடியோ. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று, பெரிய சாஃப்ட்பாக்ஸ், முகத்துக்கு 45 டிகிரியில். வலது பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் தட்டி. எல்லாப் படத்திலும் நிழல் ஒரே பக்கம் விழுந்தாலே பாதிப் பாணி வந்துவிடும்.

கட்டம் போட்ட கண்டாங்கியில் ஒரு தொல்லை இருக்கிறது, இம்ரானுக்குத் தெரியும், புதிதாக வந்திருக்கும் மீனாவுக்காகச் சொல்கிறேன். நெருக்கமான இழைகள் கேமரா சென்சாரின் வரிசைகளோடு மோதும்போது துணியில் இல்லாத வானவில் வரிகள் படத்தில் வரும். எடுக்கும்போதே 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். வந்திருந்தால் ஒரு அடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து இன்னொன்று எடுங்கள், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். போனுக்காகச் சிறிதாக்கும்போதும் இதே வரிகள் வரும், அதனால் கடைசி ஃபைலை ஒரு சாதாரணப் போனில் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். சுங்குடியில் பிரச்சினை வேறு. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் விரலால் முடிந்து சாயத்தில் முக்கியது, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. நாய்ஸ் குறைக்கும் கருவியைச் சேலைமேல் ஓட்டினால் எல்லாம் அச்சடித்த புள்ளி மாதிரி ஆகிவிடும். அங்கே ஓட்டவே ஓட்டாதீர்கள்.

நெசவாளர்களைத் தறியில் எடுக்கும் ஐந்து படங்களுக்கும் இதே பாணிதான், ஆனால் பின்திரை கிடையாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும். அங்கே பாவு நூலும் தறியில் இருக்கும் துணியும் கலரில், மற்றது கருப்பு வெள்ளை. அவர்கள் அன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறார்களோ அதில் எடுங்கள், புதுச்சட்டை போட்டுவரச் சொல்ல வேண்டாம். படத்தில் பெயர் போடச் சம்மதமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, தமிழில் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். முடிந்த படத்தை முதலில் அவர்களுக்குத்தான் காட்டுவோம்.

அளவு: செங்குத்துப் படம் 1080க்கு 1350, ஸ்டோரிக்கு 1080க்கு 1920, இரண்டும் `sRGB`. அச்சுக்கு 300 டிபிஐ, நிறமாற்றத்தை நீங்கள் செய்யாதீர்கள், அச்சகம் தரும் ப்ரொஃபைலை வைத்து நான் ஒரே கையாக முடிக்கிறேன். எழுத்து போடுவதற்காகப் படத்தின் மேல் கால் பகுதி காலியாக இருக்கட்டும், சேலைமேல் எழுத்து ஏறவே கூடாது. ஃபைல் பெயர் இப்படி:

```
kandangi_03_4x5_v2.psd
```

சரி, இப்போது செய்யவேண்டியது. செல்வி அக்கா, நீங்கள் முதல் இரண்டு படத்தை முழுதாக முடித்து, லேயர்கள் பிரித்தபடியே செவ்வாய்க்கிழமைக்குள் போட்டுவிடுங்கள், மற்றவர்கள் அதைத் திறந்து பார்த்துத்தான் தொடங்குவார்கள். மாறுபட்ட கருத்து இருந்தால் புதன் மதியம் 12 மணிக்குள் சொல்லுங்கள், ஒரு மாதிரிப் படத்தோடு சொன்னால் இன்னும் நல்லது, நியாயமாக இருந்தால் நிச்சயம் மாற்றுகிறேன். அதற்குப் பிறகு 24 படம் முடியும்வரை எதுவும் மாறாது. ஒத்துக்கொள்கிறவர்கள் கீழே "சரி" என்று போடுங்கள், படித்தீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். பின்திரை வியாழக்கிழமை காலை வருகிறது, அதை இறக்க இரண்டு பேர் எட்டரை மணிக்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ரேவதி