பூஞ்சைத் தொற்று: தோலோடு நிற்கிறதா, உள்ளே போய்விட்டதா?

வெள்ளிக்கிழமை இன்டர்னலுக்குப் படிக்கும் ஜூனியர்களுக்கு. பதிலை மறைத்துக்கொண்டு கேஸை மட்டும் படியுங்கள். மருந்துப் பெயரை யோசிப்பதற்கு முன்னால் பூஞ்சை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள், பாதி மார்க் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி 1: திருப்பரங்குன்றத்து ஓட்டல் மாஸ்டர், 34 வயது. இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. கடையில் கேட்டு வாங்கிய க்ளோபெட்டசால் கலந்த களிம்பைப் போட்டால் அரிப்பு அடங்குகிறது, படையோ பரவிக்கொண்டே போகிறது.

பதில்: டெர்மட்டோஃபைட். கெரட்டினைத் தாண்டாது, ஆக மேலோட்டமானது. முதல் வேலை அந்த ஸ்டீராய்டை நிறுத்துவது. பிறகு படையின் ஓரத்தைச் சுரண்டி கேஓஹெச் பார்ப்பது. சின்ன இடமென்றால் டெர்பினாஃபின் களிம்பே போதும், இவருக்குப் பரவிவிட்டதால் மாத்திரை வேண்டும். டெர்பினாஃபினுக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இன்டோடினே இங்கே நிறைய வருவதால் பலர் இட்ராகோனசோலுக்குப் போகிறார்கள். அதன் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், கூடவே பான்டோப்ரசோல் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஓட்டல் வேலைக்காரர், வயிற்றெரிச்சல் மாத்திரை போடுகிறாரா என்று கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி 2: கல்லூரி மாணவர், முதுகெல்லாம் தேமல். டெர்பினாஃபின் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். மலசீசியாவுக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, க்ரைசியோஃபல்வினும் அப்படியே. கீட்டோகோனசோல் ஷாம்பு போதும். ஸ்லைடு காட்டினால் இடியாப்பமும் சீடையும் கலந்து கிடக்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி 3: மேலூர் பக்கம் செருப்பில்லாமல் வயலில் இறங்கும் விவசாயி. வலியில்லாத பாத வீக்கம், பல துளைகள், சீழோடு கறுப்புக் குருணை.

பதில்: நம்ம ஊர்ப் பெயரையே தாங்கிய மதுரா கால், 1842-ல் கில் என்ற டாக்டர் இங்கேதான் பார்த்து எழுதினார். இதை மேலோட்டம் என்று எழுதினால் மார்க் போச்சு. தோலுக்கு அடியில் வளர்ந்து எலும்பு வரை அரிக்கும். கறுப்புக் குருணை பூஞ்சையைக் காட்டுவதால் மாதக்கணக்கில் இட்ராகோனசோல், தேவைப்பட்டால் அறுவை. குருணை மஞ்சளோ சிவப்போ என்றால் அது பாக்டீரியா, கோட்ரைமாக்சசோல் பக்கம் போங்கள். வெள்ளையென்றால் ரெண்டில் எதுவாகவும் இருக்கலாம், பயாப்சியும் கல்ச்சரும் பார்க்காமல் மருந்து எழுதாதீர்கள்.

கேள்வி 4: சர்க்கரை கட்டுப்படாத 58 வயது அம்மா. ஒரு பக்க முகம் வீங்கி, மூக்குக்குள் கறுத்திருக்கிறது. டியூட்டி டாக்டர் வோரிகோனசோல் எழுதியிருக்கிறார்.

பதில்: மாற்றுங்கள். அது ஆஸ்பர்ஜில்லஸுக்கான மருந்து, மியூக்கரைத் தொடாது. பயாப்சியில் தடுப்புச் சுவர் அதிகமில்லாத அகன்ற இழைகள் தெரியும், ஆஸ்பர்ஜில்லஸ் என்றால் மெல்லிய இழை, தடுப்புகளோடு, குறுங்கோணத்தில் கிளை பிரியும். லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி, அழுகியதை உடனே வெட்டியெடுப்பது, சர்க்கரையை இறக்குவது, மூன்றும் சேர்ந்து நடக்க வேண்டும். கிரியாட்டினினும் பொட்டாசியமும் அடிக்கடி பாருங்கள்.

கேள்வி 5: எச்ஐவி உள்ளவர், தலைவலி, இந்தியா இங்க் பாசிட்டிவ். காஸ்போஃபஞ்சின் தரலாமா?

பதில்: கிரிப்டோகாக்கஸுக்கு அது பலிக்காது. ஆம்போடெரிசினும் ஃப்ளூசைட்டோசினும் முதலில், அப்புறம் ஃப்ளூகோனசோல்.