வெள்ளிக்கிழமைக்குள் எழுத வேண்டிய சைக்கோமெட்ரிக் தேர்வு: சில சந்தேகங்கள்

வணக்கம் மேடம்,

கொள்முதல் பிரிவு டீம் லீடர் வேலை பற்றி திங்கட்கிழமை போனில் விளக்கமாகப் பேசியதற்கு நன்றி. தேர்வுக்கான லிங்க் நேற்று வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கண்டிப்பாக முடித்துவிடுவேன். அதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்தால் வசதியாக இருக்கும்.

மெயிலில் ‘அசெஸ்மென்ட், சுமார் 70 நிமிடம்’ என்று மட்டும் இருக்கிறது. இது முழுக்க ஆளுமைத் தேர்வா, இல்லை கணக்கு, தர்க்கம் போன்ற திறன் பகுதிகளும் உண்டா? இருந்தால், ஒவ்வொரு பகுதிக்கும் தனி நேரமா, கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாமா, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா? தெரியாத கேள்வியை ஊகித்து எழுதுவதா, விட்டுவிடுவதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். நம் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும் வகைத் தேர்வுகளில் பொதுவாகப் பின்னால் போக விடமாட்டார்கள். இதுவும் அப்படியா?

இன்னொன்று முக்கியம். எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியாது. வேலையில் இதனால் சிரமம் இல்லை. ஆனால் வரைபடத்தில் நிறத்தை மட்டும் வைத்துக் கேள்வி கேட்டால் தடுமாறுவேன். கோடுகளுக்குப் பெயர் எழுதிய வடிவம் இருக்கிறதா, அல்லது கூடுதல் நேரம் கேட்கலாமா?

ஆளுமைப் பகுதியில் ஒரு குழப்பம். லிங்கில் இருந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்தேன். “புதியவர்களோடு எளிதில் பழகுவேன்”, “விவரங்களைச் சரிபார்க்காமல் விடமாட்டேன்”, “மற்றவர்களை என் கருத்துக்குக் கொண்டுவருவேன்”: இந்த மூன்றில் எனக்கு மிகவும் பொருந்துவது ஒன்று, குறைவாகப் பொருந்துவது ஒன்று என்று குறிக்க வேண்டும். மூன்றுமே எனக்குப் பொருந்துகிறதே! வேலையிடத்தில் நான் நடந்துகொள்கிற விதத்தை நினைத்துக் குறிப்பதா, பொதுவாக என் சுபாவத்தையா? நல்ல பெயர் வாங்குவதற்காக மாற்றிக் குறிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எப்படியும் அடுத்து நேர்காணலில் உங்களோடு பேசத்தானே போகிறேன்.

அப்புறம், முடிவை எப்படிப் பயன்படுத்துவீர்கள்? குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் அங்கேயே நின்றுவிடுமா, அல்லது அறிக்கையை வைத்து நேர்காணலில் கேள்வி கேட்பீர்களா? உள்முகம், வெளிமுகம் என்று நாலெழுத்தில் ஆளை வகைப்படுத்தும் எம்பிடிஐ போன்றதாக இருந்தால் கொஞ்சம் யோசனையாக இருக்கும், ஏனென்றால் ஆள் தேர்வுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். அறிக்கையின் பிரதி எனக்கும் கிடைக்குமா? யார் யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதையும் சொன்னால் நல்லது.

கடைசியாக, நடுவில் இணையம் துண்டித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

வியாழக்கிழமை காலை எழுதலாம் என்றிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் இப்போது பதில் சொல்ல நேரமில்லை என்றால், திறன் பகுதி உண்டா என்பதையும் வரைபட விஷயத்தையும் மட்டும் நாளை மாலைக்குள் சொல்லுங்கள். மற்றதை நேர்காணலின்போது கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி,
செந்தில்