விடுப்பு விண்ணப்பம்: சம்பா அறுவடைக்காக ஏழு நாள்

சென்னை,
19.01.2026

அனுப்புநர்
க. இளவரசன்,
முதுநிலைக் கணக்கர்,
கணக்குப் பிரிவு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
கணக்குப் பிரிவு.

பொருள்: 02.02.2026 முதல் 10.02.2026 வரை ஏழு வேலை நாள்கள் ஈட்டிய விடுப்பு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மன்னார்குடி அருகே அப்பா பெயரில் எங்களுக்கு மூன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இந்தச் சம்பாவுக்கு சி.ஆர். 1009 ரக நெல் போட்டிருக்கிறோம். ஆகஸ்ட் 28-இல் விதை விட்டது. 155 நாள் பயிர் என்பதால் ஜனவரி 30 வாக்கில் அறுப்புக்கு வந்துவிடும். வயலில் ஈரம் காயாததால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே நேரத்தில் அறுப்பதால் முறை வைத்துத்தான் வண்டி வருகிறது. எங்கள் முறை பிப்ரவரி 3. அதை விட்டால் அடுத்து எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முற்றிய கதிர் நாள் தள்ளத் தள்ளக் கொட்டும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நின்ற பயிரிலேயே தெளிக்கும் உளுந்தும் நிழலில் வெளிறி நீண்டு, வண்டிச் செயினில் நசுங்கும். அதனால் தேதியை மாற்றக் கேட்க முடியவில்லை.

அறுப்பு அரை நாள் வேலைதான். அதற்கு ஏன் ஏழு நாள் என்று தோன்றலாம். உண்மையில் வேலையே அதன் பிறகுதான். வண்டியில் அறுத்த நெல்லில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நிற்கும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். களத்தில் பரப்பி, பகலில் மணிக்கொரு முறை கிளறி, பனி விழுமுன் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். பிறகு 40 கிலோ சிப்பங்களாக ஏறக்குறைய 180 மூட்டை எடை போடும் வரை குவியலோடு காவல் இருக்க வேண்டும். அப்பாவுக்கு 67 வயது. தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான்.

அலுவலக வேலைக்கு: ஜனவரி மாத டி.டி.எஸ். தொகையைப் பிப்ரவரி 7-க்குள் கட்ட வேண்டும். 7 சனிக்கிழமை என்பதால் 5-ஆம் தேதியே கட்டிவிடுவது நல்லது. கணக்குத் தாளை ஜனவரி 30 மாலைக்குள் சரிபார்த்துத் தருகிறேன். ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கலுக்குக் கடைசி நாள் 11. ஜனவரி விற்பனை பில்கள் 30-ஆம் தேதியோடு முடிவதால், அன்றே விவரங்களை ஏற்றிச் சேமித்து வைப்பேன். சுமதி அதைச் சரிபார்த்து 9-ஆம் தேதி தாக்கல் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைசி நாளில் தளம் திணறுவதால் 11 வரை வைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20-ஆம் தேதிக்குத்தான். வந்து நானே முடிக்கிறேன்.

களத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மதியம் 1 முதல் 2 வரையிலும் இரவு 7-க்கு மேலும் பேசலாம். மழை வந்து வண்டி தள்ளிப்போனால் 4-ஆம் தேதியே தங்களுக்குத் தெரிவிக்கிறேன். 10 இரவு மன்னை எக்ஸ்பிரஸில் புறப்பட்டு 11 காலை பணிக்கு வந்துவிடுவேன்.

என் கணக்கில் 11 நாள் ஈட்டிய விடுப்பு இருப்பில் உள்ளது. வண்டிக்காரருக்கு ஜனவரி 23-க்குள் உறுதி சொல்லி முன்பணம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதற்குள் தங்கள் ஒப்புதல் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. இளவரசன்