ஆகாயக் கப்பலைக் கட்டி இழுக்கும் நீராவி வின்ச்: படம் வரையும் AI-க்கு மூன்று பிராம்ப்ட்

1. முழு இயந்திரம்

1885, லண்டன், தேம்ஸ் கரையில் ஒரு கிடங்கின் மொட்டை மாடி, மழை விட்ட சாயங்காலம். அங்கே ஆகாயக் கப்பலைக் கீழே இழுத்துக் கட்டும் நீராவி வின்ச். பக்கவாட்டுப் பார்வை, எல்லாப் பாகமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். இடது ஓரத்தில் ரிவெட் அடித்த நிமிர்ந்த கொதிகலன், அதன் உச்சியில் சேஃப்டி வால்வு, பக்கத்தில் பித்தளைப் பிரஷர் கேஜ். அங்கிருந்து ஒரே ஒரு தடித்த செம்புக் குழாய் கிளம்பி, நடுவில் ஒரு வளைவு வளைந்து (சூட்டில் குழாய் நீளும், அதற்குத்தான்), கைச்சக்கரம் வைத்த வால்வைத் தாண்டி, படுத்திருக்கும் சிலிண்டரின் மேலுள்ள வால்வுப் பெட்டியில் போல்ட் போட்ட பிளாஞ்சோடு முடிகிறது. சிலிண்டரைச் சுற்றி மரப்பட்டிகள், அவற்றைப் பிடிக்கப் பித்தளைப் பட்டைகள். பிஸ்டன் தண்டு கிராஸ்ஹெட்டுக்கு, கிராஸ்ஹெட்டிலிருந்து கனெக்டிங் ராட் கிராங்குக்கு, கிராங்க் அச்சில் ஆள் உயர ஃப்ளைவீல். அதே அச்சில் 14 பல் சின்னச் சக்கரம், அது 70 பல் பெரிய சக்கரத்தோடு கடிக்கிறது, பெரிய சக்கரத்தின் அச்சில் டிரம், டிரம்மில் சுற்றிய கம்பிக்கயிறு மேலே கப்பலின் மூக்குக்குப் போகிறது. சிலிண்டரில் வேலை முடிந்த நீராவி தனிக் குழாயில் புகைபோக்கிக்குள் போகட்டும். பல்சக்கரங்கள் பித்தளை. நிஜத்தில் வார்ப்பிரும்புதான் போடுவார்கள், கற்பனை உலகம், பரவாயில்லை.

2. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மட்டும், குளோசப்

அதே இயந்திரம், அதே வெளிச்சம். கிராங்க் அச்சிலிருந்து தோல் பெல்ட், பெல்ட் ஒரு சின்னக் கப்பியைச் சுற்றுகிறது, கப்பியின் அச்சிலிருந்து இரண்டு கூம்புப் பல்சக்கரங்கள் வழியாக நிமிர்ந்த தண்டு சுழல்கிறது. 1788-ல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய அதே மாதிரி இரண்டு பித்தளைக் குண்டுகள், வேகத்தில் வெளியே விரிந்த நிலையில். குண்டுகள் விரிந்ததால் தண்டிலுள்ள வளையம் மேலே ஏறியிருக்க, வளையத்தைப் பிடித்த நெம்புகோல் நீராவிக் குழாயின் வால்வைப் பாதி மூடியிருக்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து ஒரு துளி வழியலாம். குண்டுகள் மட்டும் லேசாக மங்கலாக, மற்றதெல்லாம் கூர்மையாக.

3. முதல் படத்தைத் திருத்த

படம் அழகு, ஆனால் இந்த இயந்திரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. வலது மூலையில் மூன்று பல்சக்கரங்கள் முக்கோணமாக ஒன்றையொன்று கடிக்கின்றன, அப்படி இருந்தால் மூன்றும் இறுகி நிற்கும், ஒன்றை எடுத்துவிட்டு, சின்னதும் பெரியதும் மட்டும் கடிக்கட்டும். கடிக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் பல் அளவு ஒன்றாக இருக்கட்டும். சுவரில் ஒட்டிய அலங்காரச் சக்கரங்கள் வேண்டவே வேண்டாம். இரண்டு குழாய்கள் செங்கலுக்குள் போய்க் காணாமல் போகின்றன, ஒன்றை அழித்துவிட்டு மற்றதைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகக் கொதிகலனின் அடிப்பக்கத்தில் சேர். அப்புறம் எல்லா மூட்டிலும் ஆவி கக்குகிறது, பழுதான எஞ்சின் மாதிரி. சேஃப்டி வால்விலும் புகைபோக்கியிலும் மட்டும் போதும், அதுவும் வால்வின் வாயை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையாகத் தொடங்க வேண்டும். கொதிகலன், சிலிண்டர், கப்பல், வானம் எதையும் தொடாதே.