பொருள்: ஞாயிற்றுக்கிழமை இணையக் கருத்தரங்கைத் தவறவிட்டமைக்கு மன்னிப்புக் கோருகிறேன்

மதிப்பிற்குரிய திருமதி கலைவாணி அவர்களுக்கு,

வணக்கம்.

நேற்று, அக்டோபர் 5ஆம் தேதி, தாங்கள் மெல்பர்னிலிருந்து நடத்திய ‘வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தல்’ கருத்தரங்கில், சிங்கப்பூர் அனுபவத்தைப் பத்து நிமிடம் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டிருந்தும் நான் வராமல் போனதற்கு மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அழைப்பில் ‘மெல்பர்ன் நேரம் மாலை 6 மணி’ என்று தெளிவாகவே இருந்தது. ஆகஸ்டில் நடந்த அமர்வின்போது நமக்கிடையே இரண்டு மணி நேர வேறுபாடு இருந்ததால், அதே கணக்கில் சிங்கப்பூர் நேரம் மாலை 4 மணி என்று என் நாட்காட்டியில் நானே குறித்துவைத்துவிட்டேன். அக்டோபர் முதல் ஞாயிறன்று விக்டோரியா மாநிலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள் என்பதும், அன்றிலிருந்து வேறுபாடு மூன்று மணி நேரமாகும் என்பதும் என் நினைவுக்கு வரவில்லை. ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றும் ஊரில் இருப்பதால் இதைச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றில் பேச ஒப்புக்கொண்டவள் அதைச் சரிபார்த்திருக்க வேண்டும். தாங்கள் அனுப்பிய நாட்காட்டி அழைப்பை அப்படியே ஏற்றிருந்தால் கைப்பேசியே சரியான நேரத்தைக் காட்டியிருக்கும். நான் 4 மணிக்கு இணைப்பைத் திறந்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. 3 மணியிலிருந்து தாங்கள் அனுப்பியிருந்த நான்கு குறுஞ்செய்திகளையும் அதன் பிறகுதான் பார்த்தேன்.

எனக்காகக் காத்திருந்து, பிறகு அந்த இடைவெளியைத் தாங்களே பேசி நிரப்ப வேண்டியிருந்ததை எண்ணும்போது மிகவும் வருந்துகிறேன். பங்கேற்பாளர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்திருந்தார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

நான் பேசவிருந்ததை இரண்டு பக்கக் கட்டுரையாக எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். தொடக்கநிலை இரண்டில் படிக்கும் என் மாணவர்கள், படத்தைப் பார்த்து ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதிலிருந்து முழு வாக்கியத்தில் பேசும் நிலைக்கு வர நான் வகுப்பில் கையாளும் உரையாடல் பயிற்சிகளை அதில் விளக்கியிருக்கிறேன்; பாட்டியிடம் தொலைபேசியில் பேசுவதுபோன்ற பயிற்சிதான் அவற்றுள் அதிகப் பலன் தந்தது. பொருத்தமாக இருந்தால் பங்கேற்பாளர்களுக்கு அனுப்பிவையுங்கள். அவர்கள் கேள்விகள் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் நான் எழுத்தில் பதிலளிக்கிறேன்.

நிகழ்ச்சியின் பதிவு இருந்தால் அதன் இணைப்பை அனுப்ப இயலுமா? மற்ற இருவரின் உரைகளையும் கேட்க விரும்புகிறேன். நவம்பர் 2ஆம் தேதி அமர்வில் எனக்கு மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. தாங்கள் விரும்பினால் மட்டும், மெல்பர்ன் நேரம் மாலை 6 மணிக்கு, அதாவது சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 3 மணிக்கு, பேசுவதற்கு ஆயத்தமாக இருப்பேன். அந்த அமர்வுக்கான தங்கள் அழைப்பை இம்முறை நேரடியாக நாட்காட்டியில் ஏற்றுக்கொண்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தேன்மொழி
தமிழாசிரியர், ஈசூன், சிங்கப்பூர்
6 அக்டோபர் 2025