பொருள்: கட்டுரை எண் 2024-037 (உத்தரமேரூர் ஏரி வாரியம்) – மதிப்பீடு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய வேண்டி

நாள்: 22 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து தங்கள் மேசையில் அஞ்சல்கள் குவிந்திருக்கும் என்று தெரியும். அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 2024 மார்ச் 11 அன்று தங்கள் இதழுக்கு நாங்கள் அனுப்பிய 'ஏரி வாரியம் செய்த வேலை: உத்தரமேரூர்க் கல்வெட்டுகளும் இன்றைய ஏரிக்கரையும்' என்ற கட்டுரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது? இரண்டாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்துவிட்டதா? வரவில்லை என்றால், வரும் என்று தாங்கள் எதிர்பார்க்கிறீர்களா? இரண்டு வரியில் பதில் கிடைத்தாலும் போதும்.

தங்கள் வசதிக்காக இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுரை கிடைத்ததாக மார்ச்சிலேயே பதில் வந்தது. ஏப்ரல் கடைசியில், முதல்கட்டப் பார்வை முடிந்து இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்பட்டதாகத் தெரிவித்தீர்கள். இதழின் வழிகாட்டுதலில் மதிப்பீட்டுக் காலம் மூன்று மாதம் என்று இருக்கிறது. நடைமுறையில் அது ஐந்து ஆறு மாதம் ஆகும் என்பதால் செப்டம்பர் வரை நாங்கள் எதுவும் கேட்கவில்லை. செப்டம்பரில் கேட்டபோது, ஓர் அறிக்கை வந்துவிட்டது, மற்றொன்றுக்குக் காத்திருக்கிறோம் என்று அன்றே பதில் போட்டீர்கள். அதற்கு நன்றி. அப்புறம் தகவல் ஏதும் இல்லை. இதழின் தளத்தில் உள்நுழைந்து பார்த்தால் கட்டுரைக்கு எதிரே ‘Awaiting responses from reviewers’ என்ற அதே வரிதான் இன்றும் நிற்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் மற்ற இதழ்களுக்கு மதிப்பீடு செய்து கொடுப்பவள்தான். விடைத்தாள் திருத்தும் மாதத்தில் ஒரு கட்டுரை வந்து சேர்ந்தால் அது எத்தனை நாள் திறக்கப்படாமல் கிடக்கும் என்பது எனக்கே தெரியும். சம்பளமில்லாத இந்த வேலைக்கு ஆளைப் பிடிப்பதும், பிடித்த ஆளை நினைவூட்டிக்கொண்டே இருப்பதும் ஆசிரியரின் தலையில்தான் விடிகிறது.

ஆனால் எங்கள் கட்டுரைக்கு ஆள் கிடைப்பது சற்று கூடுதல் சிரமமாக இருக்கலாம் என்று நானும் என் இணையாசிரியரும் பேசிக்கொண்டோம். உத்தரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, தேர்தல் விதிகளுக்காகவே திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டிருக்கின்றன. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்குவது, முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பு இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று மாறியது: இவை பாடப்புத்தகம் வரை வந்துவிட்டன. எங்கள் கேள்வி அதற்குப் பிறகு தொடங்குகிறது. அப்படித் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தார் ஆறு பேர், 360 நாள் பொறுப்பில் இருந்தபோது என்ன வேலை பார்த்தார்கள்? வயிரமேக தடாகத்தைத் தூர்வாருவதற்கென்று பொன்னும் நிலமும் விட்ட கொடைக் கல்வெட்டுகளை ஒரு பக்கமும், இன்றைய கரையின் அளவுகளை மறுபக்கமும் வைத்து அதற்கு விடை தேடியிருக்கிறோம்.

ஆகவே கட்டுரையில் பாதி கல்வெட்டியல், பாதி நீர்ப்பாசனப் பொறியியல். என் இணையாசிரியர் பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். டம்பி லெவலையும் மட்டக்கோலையும் தூக்கிக்கொண்டு வெயிலில் கரை நெடுக நடந்து அளந்தவர் அவர். மூன்றாம் பகுதியில் உள்ள குறுக்குவெட்டுப் படங்களும், ஏரிப்படுகையில் படிந்த வண்டலின் கணக்கும் அவருடையவை. கல்வெட்டு வாசிப்பவர் அந்தப் பகுதிக்கு வந்ததும் 'இது என் துறை அல்ல' என்று தயங்கக்கூடும். பொறியாளருக்கு அனுப்பினால் ஆட்சியாண்டும் மெய்க்கீர்த்தியும் பார்த்துப் பின்வாங்கக்கூடும். இரண்டாம் அறிக்கை தாமதமாவதற்கு இதுதான் காரணம் என்றால், அதைத் தாங்கள் தயங்காமல் எங்களிடம் சொல்லலாம். மூன்றாம் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து நீர்ப்பாசனம் தெரிந்த ஒருவரிடம் மதிப்பீட்டுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அந்தப் பகுதி தன்னளவில் புரியும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பீட்டாளரை அழைக்கும்போது அனுப்புவதற்கு உதவும் என்று, பெயர்கள் இல்லாத ஒரு பக்கச் சுருக்கத்தை இந்த அஞ்சலுடன் இணைத்திருக்கிறேன்.

வந்திருக்கும் அறிக்கையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். இரண்டும் சேர்ந்த பிறகே ஆசிரியர்களுக்கு அனுப்புவது தங்கள் வழக்கமாக இருக்கலாம். அப்படி இல்லையென்றால், முதல் அறிக்கையை மட்டுமாவது இப்போதே பார்க்க முடியுமா? முடிவு எதையும் அதை வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருத்த வேண்டியதைத் திருத்தத் தொடங்குவோம், அவ்வளவுதான்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் வந்த தண்ணீர் இன்னும் நிற்கிறது. கரையின் உட்பக்கச் சரிவையும் மதகின் அடிமட்டத்தையும் அளக்க வேண்டுமானால் தண்ணீர் வற்ற வேண்டும். நாங்கள் முன்பு அளந்ததும் சித்திரைக்குப் பிறகுதான். அடுத்த மழைக்கு முன் கையில் கிடைப்பது கோடையின் சில வாரங்கள். படுகையில் கால் புதையாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், அதே சமயம் கருவேலம் மண்டி உள்ளே நுழைய முடியாமல் போயிருக்கக் கூடாது. மதிப்பீட்டாளர் கூடுதல் அளவுகள் கேட்டால் (கேட்க வாய்ப்பு அதிகம், அந்தப் பகுதியில் தெற்கு மதகுக்கு ஒரே ஒரு குறுக்குவெட்டுதான் கொடுத்திருக்கிறோம்) அது ஏப்ரலுக்குள் தெரிந்தால் இந்தக் கோடையிலேயே முடித்துவிடுவோம். ஜூலையில் தெரிந்தால் இன்னொரு வருடம் போய்விடும். என் இணையாசிரியர் எழுபதைக் கடந்தவர். 'அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரோ ஒவ்வொரு வாரமும் போன் செய்து, பதில் வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடனே பேச்சை மாற்றிவிடுகிறார்.

இன்னொரு விஷயமும் தங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு கருத்தரங்கத் தொகுப்பின் பதிப்பாசிரியர் இதே கட்டுரையைக் கேட்டார். தங்கள் இதழின் மதிப்பீட்டில் இருக்கிறது, தர இயலாது என்று சொல்லிவிட்டேன். வேறு கட்டுரையாவது கொடுங்கள், பிப்ரவரி 15க்குள் சொல்லுங்கள் என்கிறார். ஒரு கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. இதைத் திரும்பப் பெறவும் விரும்பவில்லை. தமிழில் கல்வெட்டுப் படங்களோடும் வரைபடங்களோடும் இந்த நீளக் கட்டுரையை வெளியிடும் இதழ்கள் சிலவே. எங்கள் முதல் தேர்வு தங்கள் இதழ்தான். ஆனால் கட்டுரை தங்கள் இதழின் போக்குக்குப் பொருந்தாது என்று தங்களுக்கு இப்போதே தோன்றுகிறது என்றால், அதை அந்தத் தேதிக்கு முன் சொல்லிவிட்டால் பெரிய உதவியாக இருக்கும். மறுப்பு என்றாலும் வருத்தப்பட மாட்டோம், காத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பதவி உயர்வுக் கோப்புக்காக அவசரப்படுகிறேனோ என்று தாங்கள் நினைக்க வேண்டாம். அது அடுத்த ஆண்டுதான், அதற்கு வேறு கட்டுரைகள் கையில் இருக்கின்றன. ஏற்புக் கடிதம் எதுவும் இப்போது கேட்கவில்லை.

கட்டுரையின் உள்ளடக்கத்தில் மார்ச்சுக்குப் பிறகு எந்த மாற்றமும் செய்யவில்லை. தளத்தில் இருக்கும் கோப்பே இறுதி வடிவம். படங்களை மட்டும் அச்சுக்கு ஏற்ற கூடுதல் தெளிவில் தயாராக வைத்திருக்கிறோம். கோப்பின் அளவு பெரியது என்பதால் இத்துடன் அனுப்பவில்லை, கேட்கும்போது அனுப்புகிறேன்.

தங்கள் அலுவலகத்தில் மின்னஞ்சலைவிடத் தொலைபேசி வசதி என்றால், வேலை நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகு நான் பேசலாம். அதற்கு முன் வகுப்பில் இருப்பேன். எண் தளத்தில் என் பெயருக்குக் கீழே இருக்கிறது. பிப்ரவரி முதல் வாரத்துக்குள் பதில் ஏதும் வராவிட்டால், இந்த அஞ்சல் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இணையாசிரியர் முகவரியிலிருந்து மறுபடி ஒருமுறை அனுப்புவேன். அதைத் தொந்தரவாக எண்ண வேண்டாம்.

தங்கள் நேரத்துக்கும், ஆண்டுக்கணக்கில் இந்த இதழைத் தொய்வில்லாமல் நடத்திவரும் உழைப்புக்கும் நன்றி.

அன்புடன்,
ப. மலர்விழி
உதவிப் பேராசிரியர், வரலாற்றுத் துறை
(இணையாசிரியர் சார்பிலும்)

இணைப்பு: கட்டுரைச் சுருக்கம், ஒரு பக்கம், ஆசிரியர் பெயர்கள் இன்றி.

பி.கு.: கல்லூரி மின்னஞ்சல் பெட்டி அடிக்கடி நிரம்பி, வரும் அஞ்சல்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே இந்த முறை என் சொந்த முகவரியிலிருந்து எழுதுகிறேன். பதிலையும் இதற்கே அனுப்ப வேண்டுகிறேன். தளத்திலும் முகவரியை மாற்றிவிட்டேன்.