ஃப்ரிட்ஜ் கணக்கு: ரம்யாவுக்கு

ரம்யா,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃப்ரீசர் ஐஸைக் கத்தியால் பெயர்க்கப் போய் என் ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனதற்கு அப்புறம் நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசவே இல்லை. நான் வீட்டுக்கு வரும்போது நீ ஆபீஸில் இருக்கிறாய், நீ வரும்போது நான் தூங்கிவிடுகிறேன். நேரில் ஆரம்பித்தாலும் அன்றைக்குச் சொன்ன மாதிரியே "முழுசா நானே தந்துடறேன்க்கா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. எங்கே சரியில்லை என்று படுகிறதோ அதைச் சொல்.

முதலில் ஒன்று. புது ஃப்ரிட்ஜ் விலை 16,990 ரூபாய். அதை நீ தர வேண்டாம், அதில் பாதியும் வேண்டாம். நான் கேட்பது 2,725 ரூபாய். அந்தத் தொகை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

மெக்கானிக் நேற்று காலை வந்தார். ஃப்ரீசர் பெட்டியின் உள்பக்கம், இடது ஓரத்தில், கத்தி முனை அளவுக்கு ஓட்டை. அந்தப் பெட்டி வெறும் தகடு இல்லையாம். மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிற வழி இருக்கிறது. கத்தி அந்த வழியில் இறங்கிவிட்டது. நீ கேட்ட 'ஸ்ஸ்' சத்தம் கேஸ் வெளியே போன சத்தம்தான். பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் R600a என்று போட்டிருந்ததைக் காட்டினார். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடியது. அளவு கொஞ்சம்தான் என்றாலும், அடுப்பு எரியாமல் இருந்ததும் நீ உடனே ஜன்னலைத் திறந்ததும் நல்லது என்றார். எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கியது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும். இனிமேல் நம் வீட்டில் யாரும் ஐஸைக் கத்தியால் தொடக் கூடாது. ஷாலினியிடமும் சொல்லிவிட்டேன்.

சரி பண்ண முடியுமா என்று கேட்டேன். ஃப்ரீசர் பெட்டியை மாற்றி, ஃபில்டர் போட்டு, கேஸ் ஏற்ற 5,500 ஆகும் என்றார். ஆனால் அன்று ராத்திரி முழுக்க நாம் ஸ்விட்சை அணைக்காமல் விட்டுவிட்டோம். கேஸ் இல்லாமலே கம்ப்ரெசர் ஓடியிருக்கிறது, ஓட்டை வழியாகக் காற்றும் ஈரமும் உள்ளே போயிருக்கும். அதனால் வேலைக்கு மூன்று மாதத்துக்கு மேல் உத்தரவாதம் தர முடியாது என்றார். அவ்வளவு செலவு செய்து தீபாவளிக்குள் மறுபடியும் நின்றுபோனால் என்ன செய்வது? அவரே வேண்டாம் என்றுதான் சொன்னார். வந்து பார்த்ததற்கு 350 வாங்கிக்கொண்டார்.

இப்போது கணக்கு. 2020 தீபாவளிக்கு அந்த ஃப்ரிட்ஜை 14,400 ரூபாய்க்கு வாங்கினேன். பில் என்னிடம் இருக்கிறது, படம் அனுப்புகிறேன். போன ஞாயிறு வரைக்கும் 54 மாதம் ஓடியிருக்கிறது. ஓடிய காலத்துக்கான தேய்மானம் முழுக்க என்னுடையது. நீ 2023 ஜூனில் வந்து அதில் இரண்டு வருஷம் பயன்படுத்தியிருக்கிறாய்தான், ஆனால் நான் அன்றைக்கு வாடகை கேட்கவில்லை, இன்றைக்குக் கேட்பதும் முறை இல்லை. கரண்ட் பில்லில் உன் பங்கைக் கொடுத்தாய், அதோடு முடிந்தது. கத்தி படாமல் இருந்தால் இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்கும், அதற்கு என்ன மதிப்பு, அது மட்டும்தான் இப்போது போனது. அதற்கு மேல் உன்னிடம் கேட்டால் என் பழைய ஃப்ரிட்ஜுக்கு நீ புது ஃப்ரிட்ஜ் வாங்கித் தந்த கணக்காகிவிடும்.

எத்தனை வருஷ ஆயுள் என்று வைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். எல்லாம் அதில்தான் மாறுகிறது. பத்து வருஷம் என்று வைத்தால் மாதத்துக்கு 120 ரூபாய் தேய்மானம், மீதி மதிப்பு 7,920 வருகிறது. அது எனக்குச் சாதகமான கணக்கு. ஆனால் இந்த ஃப்ரிட்ஜ் அப்படி நல்ல நிலையில் இல்லை, அது எனக்குத் தெரியும். மடிப்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு மாறியபோது டெம்போவில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். கதவு ரப்பர் கீழ்ப்பக்கம் தளர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, நான் மாற்றவில்லை. ஸ்டெபிலைசரும் வாங்கவில்லை. அதனால் எட்டு வருஷம்தான் வைக்கிறேன். அதாவது 96 மாதம், மாதத்துக்கு 150 ரூபாய். 54 மாதத்துக்கு 8,100 போனால் மீதி 6,300.

இது நானே எனக்கு வசதியாகப் போட்டதாக இருக்கக் கூடாது என்று இன்னும் இரண்டு விதமாகச் சரிபார்த்தேன். எங்கள் ஆபீஸில் வருமான வரிக்கு மெஷின்களுக்குப் போடுகிற மாதிரி, வருஷா வருஷம் மீதியில் 15 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தால் ஏறத்தாழ 6,950 வருகிறது. அது வியாபாரத்துக்கான விதி, வீட்டுச் சாமானுக்கு அப்படியே பொருந்தாது, சும்மா ஒப்பிடத்தான் பார்த்தேன். இரண்டாவது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பழைய ஃப்ரிட்ஜ் விற்கிற கடையில் நேற்று சாயங்காலம் விசாரித்தேன். இதே அளவு, நாலைந்து வருஷம் ஓடியது, 6,000 முதல் 6,500 வரை சொன்னார்கள். ஆக 6,300 என்பது இன்றைக்கு அந்த மாதிரி ஒன்றை வாங்க ஆகிற விலைதான். அதையே வைத்துக்கொள்கிறேன்.

புதுசு வாங்குகிற கடையில் பழையதை எடுத்துக்கொண்டு 1,200 ரூபாய் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பணம் எனக்குத்தானே வருகிறது, அதையும் கழிக்க வேண்டும். 6,300-இல் 1,200 போக 5,100. உண்மையான நஷ்டம் அவ்வளவுதான். ரிப்பேர் செலவான 5,500-ஐவிடவும் இது குறைவு. ரிப்பேர் இதைவிடக் குறைவில் முடிந்து, ஒழுங்காக ஓடும் என்றும் இருந்தால் ரிப்பேர் செலவைத்தான் கேட்டிருப்பேன்.

அந்த 5,100-ஐயும் உன் தலையில் போடுவது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். கத்தியை எடுத்தது நீ, அது உண்மை. ஆனால் கத்தி எடுக்கிற அளவுக்கு ஐஸ் ஏன் சேர்ந்தது? சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளைப் போய்ப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். கடைசியாக டிக் போட்டிருப்பது ஏப்ரல் 6. ஏப்ரல் 20 உன் முறை, மே 4 என் முறை. இரண்டு பேருமே செய்யவில்லை. கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் வேறு, கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தோம், ரப்பர் தளர்ந்த கதவு வழியாக ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பால் பாக்கெட் ஐஸுக்குள் புதைந்துபோனது அதனால்தான். கத்தி வைக்கக் கூடாது என்று நான் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. போன வருஷம் நானே தோசைக் கரண்டியால் ஐஸைப் பெயர்த்து எடுத்ததை நீ பார்த்திருப்பாய். பெரியவள் செய்வதைப் பார்த்துத்தானே நீயும் செய்தாய்.

அதனால் ஆளுக்குப் பாதி. உனக்கு 2,550, எனக்கு 2,550. மெக்கானிக்குக் கொடுத்த 350-இல் பாதி 175. மொத்தம் 2,725.

ஷாலினி தானும் பங்கு தருகிறேன் என்றாள். மார்ச் கடைசியில் வந்தவள், டிஃப்ராஸ்ட் தாளில் அவள் பெயரையே நாம் இன்னும் எழுதவில்லை, அன்றைக்கு ஊரில் வேறு இருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீணான மாவு, மீன், உன் அம்மா கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சல் எல்லாம் ஆளாளுக்குப் போனது, அதற்குக் கணக்கு வேண்டாம்.

இதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இந்த மாதம் முடியவில்லை. தம்பிக்கு ஜூனில் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும், அதற்கு எடுத்து வைத்ததிலிருந்துதான் ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்கப் போகிறேன். அதை மறைத்துவிட்டு உன்மேல் மனதுக்குள் குறை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் இது சின்னத் தொகை இல்லை என்று தெரியும், ஊருக்கு அனுப்பியது போக உன் கையில் என்ன நிற்கும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஜூன் சம்பளத்தில் 1,225, ஜூலையில் 1,500 என்று ஜிபே பண்ணினால் போதும். அதுவும் கஷ்டம் என்றால் மூன்று மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம். வீட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்வது, வாடகையோடு சேர்த்துவிடுவது, அந்த மாதிரி எதுவும் செய்ய மாட்டேன். அது தனி, இது தனி.

புது ஃப்ரிட்ஜ் என் பெயரில், என் பணத்தில் வாங்குகிறேன். நீயும் ஷாலினியும் எப்போதும் போலப் பயன்படுத்துங்கள், அதற்கு ஒன்றும் தர வேண்டாம். ஒருவேளை நீங்களும் பங்கு போட விரும்பினால் சொல்லுங்கள். அப்போது இதே எட்டு வருஷக் கணக்கை முதலிலேயே எழுதி வைத்துவிடலாம், யார் வீட்டை விட்டுப் போனாலும் மீதி மாதத்துக்கான பங்கை மற்றவர்கள் திருப்பிக் கொடுக்கலாம். இந்தமுறை அப்படி ஒன்று எழுதாமல் விட்டது என் தப்பு. கட்டாயம் இல்லை.

கணக்கில் ஏதாவது இடிக்கிறது என்றால், ஆயுள் ஏழு வருஷம்தான் என்று நீ நினைத்தால்கூட, காரணத்தோடு சொல், உட்கார்ந்து பேசலாம். ஆனால் "முழுசா தரேன்" என்று மட்டும் சொல்லாதே, வாங்க மாட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் லேட்டாக வீட்டுக்கு வருவதையும் நிறுத்து. ஒன்பதரை மணி ஷேர் ஆட்டோவில் நீ தனியாக வருவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். ஐஸ் கட்டாத மாடல் 25,000-க்கு மேல் போகிறது, அது வேண்டாம். நாம் பார்த்த 190 லிட்டர்தான். நீயும் வந்தால் நல்லது, டெலிவரிக்காரர்கள் வரும்போது மாடிப்படியில் ஒருத்தர் வழி காட்ட வேண்டும். அதுவரைக்கும் நம் பாலைக் கீழ்வீட்டு ஆன்ட்டி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன், காலையில் ஆறரைக்கு மேல் போய் எடுத்துக்கொள். சாப்பாட்டு மேஜையில் ரசம் சோறு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் படு.

தேன்மொழி அக்கா
14 மே 2025